தவறிய பாடத்தைக் கேட்டு ஒரு கடிதம்

2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இலங்கையின் பாடசாலைகள் மூடப்பட்டபோது, வகுப்பறை வீட்டுக்குள் வந்து சேர்ந்தது. 2022 இல் மின்வெட்டு அதனைப் பாதியிலே அணைத்தது. அவ்வாண்டு மார்ச் 31 ஆம் நாள் 13 மணி நேர மின்வெட்டு. அக்காலத்தில் நம் பிள்ளைகள் ஒரு புதுக் கடிதம் எழுதப் பழகினர்: தவறிய வகுப்பின் பதிவைக் கேட்கும் கடிதம். தேவை இன்றும் தீரவில்லை.

"சேர், நேற்று வர முடியவில்லை, ரெக்கோடிங் அனுப்புங்கள்" என்று எழுதுவோர் பலர். ஆசிரியருக்கோ வகுப்புகள் பல. எந்த வகுப்பு, எந்தப் பாடம் என்று அவர் தேட வேண்டியிருக்கிறது. அன்றியும், பதிவு இருக்கிறதென்று நாம் எண்ணிவிடலாகாது. சூம் வகுப்பை ஆசிரியர் பதிவு செய்யத் தொடங்கினாலன்றிப் பதிவு உண்டாகாது. கட்டணமில்லாக் கணக்கில் அது அவருடைய கணினியில் மட்டுமே தங்கும். அத்தகைய கணக்கில் கைத்தொலைபேசி மூலம் வகுப்பு நடத்தியிருந்தால், சூமில் பதிவே இராது. கணினியில் இடம் நிறைந்தால் பழைய பதிவுகள் அழிக்கப்படலாம். ஆதலால் ஓரிரு நாளுக்குள் கேட்டுவிடுவது நன்று.

திகனவில் தரம் 11 மாணவன் ஒருவன் வீட்டில், செவ்வாய் மாலை 6.40 க்கு மின்சாரம் நின்றது என்று கொள்வோம். அவன் இவ்வாறு எழுதலாம்:

"மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

செவ்வாய்க்கிழமை மாலை 6 மணிக்கு நடைபெற்ற தரம் 11 கணித வகுப்பில், மின்சாரம் தடைப்பட்டமையால் 6.40 முதல் 7.30 வரை நான் கலந்துகொள்ள இயலவில்லை. நண்பனின் குறிப்பைப் பார்த்து எழுதிவிட்டேன். இருபடிச் சமன்பாட்டின் மூன்றாம் உதாரணம் மட்டும் விளங்கவில்லை. வகுப்பு பதிவு செய்யப்பட்டிருப்பின், அப்பகுதியை அனுப்பி உதவுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். முழுக் காணொளி பெரிதாயின், ஒலிப்பதிவும் பலகையின் படமும் போதும். பதிவு இல்லையெனில், அவ்வுதாரணம் பாடநூலில் எப்பக்கத்தில் உள்ளதென அறியத் தந்தால் நன்றியுடையேன். பதிவை வேறெவருக்கும் அனுப்ப மாட்டேன்.

தங்கள் பணிவுள்ள மாணவன்"

மணிக்கணக்கைக் குறித்ததனால், ஆசிரியர் நாற்பதாம் நிமிடத்திலிருந்து பார்க்கச் சொல்லிவிடலாம். ஒலிப்பதிவைக் கேட்டதிலும் காரணமுண்டு. சூம், கணினியில் காணொளியோடு `m4a` என முடியும் ஒலிக்கோப்பொன்றையும் பெரும்பாலும் தனியே சேமிக்கிறது. அது காணொளியிலும் மிகச் சிறிது. குறைந்த டேட்டா உள்ள வீட்டிலும் இறங்கும். ஆனால் கணிதத்துக்கு ஒலி மட்டும் போதாது. அதனாலேயே பலகையின் படத்தையும் அவன் கேட்கிறான்.

இறுதி வாக்கியம் வெறும் மரியாதைக்கன்று. பதிவிலே மற்றப் பிள்ளைகளின் முகமும் குரலும் பெயரும் இருக்கும். அவற்றைப் பலரிடம் பரப்ப எவருக்கும் உரிமையில்லை. அந்த உறுதியைக் காணும் ஆசிரியர் தயக்கமின்றி அனுப்புவார். பெற்றோர் இக்கடிதத்தைப் பிள்ளைக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டாம். எது விளங்கவில்லை என்று அவனுக்கு மட்டுமே தெரியும்.