முன்னறையில் என்ன கடை போடலாம்?

எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டு முன்னறையில் தையல் கடை இருக்கிறது. அதற்கு அடுத்த வீட்டில் சிறு பலசரக்குக் கடை. இவற்றைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை. என் சாச்சி கடன் வாங்கி மா அரைக்கும் மெசின் ஒன்றை முன்னறையில் பூட்டிய மூன்றாம் வாரமே முறைப்பாடு போய்விட்டது. மிளகாய் அரைத்தால் பக்கத்து வீட்டுக் குழந்தை தும்முகிறதாம். அது பொய்யில்லை, நானும் தும்மியிருக்கிறேன்.

தையலுக்கு விட்டுக்கொடுக்கும் ஒழுங்கை ஆலைக்கு ஏன் மறுக்கிறது? இங்கே இரண்டு கேள்விகள் உண்டு. முதலாவது, வீட்டைக் கடையாக்கலாமா என்பது. 1978ஆம் ஆண்டின் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ் பிரகடனப்படுத்தப்பட்ட இடங்களில், ஒரு செங்கல்லும் வைக்காமல் கட்டடத்தின் பயன்பாட்டை மாற்றுவதற்கும் அனுமதி வேண்டும். தையல் கடைக்கும் இது பொருந்தும். ஆனால் அதனால் யாருக்கும் தொந்தரவில்லை, ஆகவே யாரும் கேட்பதில்லை. இரண்டாவது, அந்தத் தொழில் வெளியே விடும் சத்தமும் தூசியும் எவ்வளவு என்பது. அரைக்கும் ஆலைக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் தேவை. சிறிய ஆலையென்றால் உள்ளூராட்சி மன்றமே அதை வழங்கும்.

சட்டத்தில் பிழையில்லை என்றே நினைக்கிறேன். எங்கள் நிலந்தான் இடம் தரவில்லை. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது என்று ஊரும் ஊரும் ஒட்டிக் கிடக்கின்றன. கிழக்கே கடல், கரையிலிருந்து 300 மீற்றர் வரை கரையோர வலயம், அங்கே கட்டத் தனி அனுமதி வேண்டும். மேற்கே வயல், 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதியின்றி அதை நிரப்ப முடியாது. சுனாமிக்குப் பிறகு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக் கூடாது என்று அரசு அறிவித்தபோது (பின்னர் தளர்த்தினார்கள்) இந்த நெருக்கடி எல்லோருக்கும் புரிந்தது. எஞ்சுவது பிரதான வீதி. அங்கே ஒரு கடை அறையின் வாடகை சாச்சியின் மாத வருமானத்தை விழுங்கிவிடும்.

"மெசின் வாங்க முன்னம் கேட்டிருக்கலாமே சாச்சி?" என்றேன்.

"ஆரிட்டக் கேக்கிற மகள்? கேட்டாத் தடுத்திருவாங்க எண்டு பயம்."

அந்தப் பயந்தான் செலவை வைத்தது. பூர்வாங்கத் திட்டமிடல் அனுமதி என்றொரு வழி இருக்கிறது. காசைக் கொட்டுமுன், இந்தக் காணியில் இந்தத் தொழிலைச் செய்யலாமா என்று எழுத்தில் விண்ணப்பித்துப் பதில் பெறலாம். ஆனால் காணி பிரித்து விற்பவர்களுக்கும் மாடிக் கட்டடம் எழுப்புபவர்களுக்குந்தான் அது தெரியும். எந்தெந்தத் தொழிலை வீட்டு ஒழுங்கையில் செய்யலாம், எதற்கு எந்த உரிமம் வேண்டும் என்று ஒரு தாளில் தமிழில் எழுதி மன்ற வாசலில் ஒட்டினால் போதும். உம்மாமார் வாசித்துவிடுவார்கள்.

சாச்சி இப்போது பிரதான வீதி ஆலையில் மா அரைப்பித்து, வறுத்து, பைகளில் அடைத்து முன்னறையில் விற்கிறார். நோன்பு மாதத்தில் நல்ல விற்பனை. மெசின் மூலையில், பழைய பெட்சீற் போர்த்தியபடி இருக்கிறது. கடனில் இன்னும் ஏழு தவணை பாக்கி.