துப்பு ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது

எட்டுப் பேருக்கான கொலைமர்மத் தொகுப்பை அச்செடுத்து, உறையிலிட்டு, சமையலையும் தொடங்கியாயிற்று. ஐந்து மணிக்கு ஒரு நண்பர் போன் செய்கிறார்: காய்ச்சல், வர முடியாது. நாம் எழுதும் தொகுப்புகளில் பல அந்த ஒரு போனில் உடைந்துவிடுகின்றன.

1920களின் ஆங்கிலேய மாளிகைக் கதை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பிரபு தன் படிப்பறையில் குத்துப்பட்டுக் கிடக்கிறார். அந்த அறைக் கடிகாரம் ஒன்பது அடித்ததும் வெளியே வந்துவிட்டதாக டாக்டர் சொல்கிறார். ஒன்பது ஐந்துக்குக் கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்த பட்லர், அப்போது படிப்பறையில் பிரபுவின் குரல் கேட்டது என்கிறார். ஒன்பது பத்திலிருந்து எல்லோரும் கூடத்தில் ஒன்றாக இருந்தார்கள். அப்படியானால் டாக்டர் தப்பிவிட்டார். ஆனால் படிப்பறைக் கடிகாரம் பத்து நிமிடம் பின்தங்கி ஓடுகிறது; அதற்குச் சாவி கொடுக்கும் பணிப்பெண்ணுக்கு மட்டுமே அது தெரியும். டாக்டர் வெளியே வந்தது உண்மையில் ஒன்பது பத்துக்கு. பிரபு இறந்த அந்த ஐந்து நிமிடமும் அவர் உள்ளேதான் இருந்திருக்கிறார்.

கணக்கு சரிதான். ஆனால் பணிப்பெண் வேடத்தைப் பெரும்பாலும் கூச்சப்படும் விருந்தினருக்குத்தான் கொடுக்கிறோம், சின்ன வேடம் என்று. அவர் வராவிட்டாலும், வந்தும் வாய் திறக்காவிட்டாலும் புதிர் அவிழாது. கடைசிச் சுற்றில் ஆளுக்கொரு பெயரை ஊகமாக எழுதித் தருவதைப் பார்த்தாலே முக்கியமான துப்பு மேசைக்கு வரவில்லை என்று தெரிந்துவிடும்.

ஆகவே அவசியமான துப்பு ஒவ்வொன்றும் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும்: ஒன்று ஒருவரின் வேடத் தாளில், மற்றொன்று கையில் எடுத்துப் பார்க்கும் பொருளில். இந்தக் கதைக்கு, ‘படிப்பறைக் கடிகாரம் பத்து நிமிடம் பின்தங்குகிறது, வியாழனன்று வந்து சரிசெய்கிறேன்’ என்று கடிகாரக்காரர் எழுதிய சீட்டு போதும். இரண்டாம் சுற்றில் அதை மேசையில் வைக்கச் சொல்லுங்கள். முதல் சுற்றிலேயே வைத்தால் சாப்பாடு பரிமாறுவதற்குள் கதை முடிந்துவிடும்.

எழுதி முடித்ததும் வேடத் தாள்களை ஒவ்வொன்றாக ஒதுக்கி, மிச்சத்தை வைத்துக் கொலையாளியைப் பிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். கொலையாளியின் தாளை மட்டும் ஒதுக்க முடியாது. அதில் மட்டும் ‘கட்டாய வேடம்’ என்று அச்சிட்டால் ரகசியம் போயிற்று. நான்கு தாள்களிலாவது அந்தச் சொல் இருக்கட்டும்.

தாளின் நீளத்தையும் கவனியுங்கள். பொய் சொல்லும் உரிமை கொலையாளிக்கு மட்டும் என்பதால் அவருக்கான குறிப்புகள் பெருகி, மற்றவர்களுக்கு ஒரு பக்கம் என்றால் அவருக்கு இரண்டாகிவிடுகிறது. அவர் பக்கத்தைத் திருப்பும்போதே எதிரில் இருப்பவர் கண்டுபிடித்துவிடுவார். எல்லாருக்கும் ஒரே பக்கம், ஏறக்குறைய ஒரே வரிக்கணக்கு என்று வைத்தால் விருந்து நடத்துபவரும் கவலையின்றித் தானே ஒரு வேடம் ஏற்கலாம். விடைத் தாளைத் தனிக் கோப்பாகக் கொடுத்திருந்தால் அச்செடுக்கும்போது அது அவர் கண்ணிலும் படாது.