'ஓ.கே. சார்' என்பது பதில் ஆகாது!



கல்யாணப் பத்திரிகை வந்தால் நாம் யாரும் பதில் எழுதுவதில்லை. வைத்தவரிடம் "கண்டிப்பா வந்துடறோம்ணே" என்று சொல்லிவிட்டால் போதும். போனாலும் போகாவிட்டாலும் பந்தியில் யாரும் நம் பெயரைத் தேடப் போவதில்லை. இதே பழக்கத்தை மின்னஞ்சலில் வரும் காலண்டர் அழைப்புக்கும் நாம் கொண்டுபோகிறோம் என்பதுதான் என் குற்றச்சாட்டு.

இறுதியாண்டு வந்துவிட்டால் நம் பெயருக்கு இப்படிப்பட்ட அழைப்புகள் வர ஆரம்பிக்கின்றன. நேர்முகத் தேர்வு, அப்ரண்டிஸ் தேர்வுக்கு முந்தைய பேச்சு, புராஜெக்ட் ரிவ்யூ என்று எல்லாமே நாள், நேரம், இடம் குறித்து, கீழே சில பொத்தான்களோடு வருகின்றன. நம்மில் பெரும்பாலோர் செய்வது இரண்டில் ஒன்று. ஒன்று, பார்த்துவிட்டுச் சும்மா இருப்பது. இரண்டு, "ஓ.கே. சார், தேங்க்யூ சார்" என்று ஒரு மடல் எழுதி அனுப்புவது. இரண்டுமே பதில் இல்லை என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

அந்த அழைப்பு பார்வைக்கு ஒரு மடல். ஆனால் அதற்குள் ஒரு சின்னக் கோப்பு இருக்கிறது. பல சமயம் invite.ics என்ற பெயரில் கண்ணிலேயே படும். அழைத்தவர் ஒரு நிறுவனத்தின் மென்பொருளையும் நாம் வேறொரு நிறுவனத்தின் மென்பொருளையும் வைத்திருந்தாலும் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக 1998-ல் இதற்குப் பொது விதிகள் வகுத்தார்கள். 2009-ல் திருத்தி வெளியிட்டார்கள். அந்த விதிப்படி அழைப்பின் மூலப்பிரதி அழைத்தவரிடம்தான் இருக்கும். நம்மிடம் இருப்பது நகல். நாம் பொத்தானை அழுத்தும்போது இப்படி ஒரு துண்டு அவருக்குப் போகிறது:

```
METHOD:REPLY
UID:int-0416@example.com
ATTENDEE;PARTSTAT=ACCEPTED:mailto:student@example.com
```

UID என்பது அந்தக் கூட்டத்தின் பதிவு எண். PARTSTAT என்பது நம் நிலை. அவருடைய காலண்டர் பதிவு எண்ணைப் பார்த்து, எந்தக் கூட்டம் என்று கண்டுபிடித்து, நம் பெயருக்கு நேராக 'வருகிறார்' என்று தானே குறித்துக்கொள்கிறது. நாம் பதில் சொல்லாதவரை அந்த இடத்தில் NEEDS-ACTION, அதாவது 'பதில் பாக்கி' என்றுதான் இருக்கும்.

இப்போது "ஓ.கே. சார்" மடலை நினைத்துப் பாருங்கள். அதில் பதிவு எண்ணும் இல்லை, நிலையும் இல்லை. அது மற்ற மடல்களோடு ஒரு மடலாக அவர் பெட்டியில் கிடக்கும். வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது வராண்டாவில் நின்று "பிரசென்ட் சார்" என்று கத்துவது போலத்தான். சத்தம் கேட்டிருக்கலாம், ரிஜிஸ்டரில் டிக் விழாது. நாற்பது பேரை அழைத்தவர் காலையில் பட்டியலைத் திறந்து பதில் சொன்னவர்களைத்தான் எண்ணுவார். நாற்பது மடல்களைத் திறந்து படிக்க அவருக்கு நேரம் ஏது?

இன்னொரு மயக்கமும் உண்டு. அழைப்பு வந்த உடனே, நாம் ஒன்றும் செய்யாமலே, அது நம் காலண்டரில் வந்து உட்கார்ந்துவிடலாம். கூகுள் காலண்டரில் யார் அழைத்தாலும் சேர்க்கலாம், தெரிந்தவர் அழைத்தால் மட்டும் சேர்க்கலாம், பதில் சொன்ன பிறகு சேர்க்கலாம் என்று அமைத்துக்கொள்ள வழி இருக்கிறது. அவுட்லுக் பதில் சொல்லாத அழைப்பைத் தற்காலிகமாகக் குறித்து வைக்கும். "காலண்டர்லதான் இருக்கே, ஏத்துக்கிட்ட மாதிரிதானே?" என்று என்னிடம் ஒரு நண்பர் கேட்டார். இல்லை. அது நம் வீட்டுச் சுவரில் நாமே எழுதிக்கொண்டதற்குச் சமம். அழைத்தவருக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. அவுட்லுக்கில் Accept அழுத்திய பிறகு Do Not Send a Response என்பதைத் தேர்ந்தாலும் இதே கதைதான்.

சரி, எந்தப் பொத்தான்? ஜிமெயிலில் Yes, No, Maybe. அவுட்லுக்கில் Accept, Decline, Tentative. வர முடியும் என்றால் Yes. முடியவே முடியாது என்றால் No. இதில் குழப்பம் இல்லை. எனக்குச் சண்டை Maybe-யோடுதான். நம்மவர்களுக்கு 'இல்லை' என்று சொல்லக் கூச்சம். அதனால் Maybe-க்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறோம். அழைத்தவர் பக்கத்திலிருந்து பாருங்கள். நாற்காலி போடுவதா வேண்டாமா, அந்த நேரத்தை அடுத்த மாணவருக்குக் கொடுப்பதா வேண்டாமா, ஒன்றுமே தெரியாது. வெறும் Maybe அவருக்கு 'இல்லை'யைவிடச் சிரமம். அதைவிட மோசம், வர முடியாது என்று தெரிந்தே "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று Yes அழுத்துவது.

வரும் விருப்பம் இருக்கிறது, நேரம் மட்டும் ஒத்துவரவில்லை என்பவர்களுக்குத்தான் நான்காவது வழி: Propose new time. இதை நம்மில் பலர் தொட்டதே இல்லை. ஒரு உதாரணத்தோடு பார்ப்போம்.

2025 ஏப்ரல் 16, புதன்கிழமை காலை 10.30-க்கு ஒரு மாணவருக்கு நேர்முகத் தேர்வு, அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். அன்று காலை 9.30 முதல் 12.30 வரை அவருக்கு போர்டு பிராக்டிகல். பிராக்டிகலை விட முடியாது. வேலையையும் விட மனசு வராது. அவர் கூகுள் காலண்டரில் அந்த அழைப்பைத் திறந்து, பதில் பொத்தான்களுக்குப் பக்கத்தில் இருக்கும் Propose a new time என்பதைத் தேர்ந்து, அதே நாள் மதியம் 2.30 என்று வைத்து, குறிப்பும் எழுதி அனுப்புகிறார். அவுட்லுக்கில் என்றால் இரண்டு வகை கேட்கும்: Tentative and Propose New Time, Decline and Propose New Time. இவருக்குப் பழைய நேரத்தில் வரவே முடியாது என்பதால் இரண்டாவதுதான் நேர்மையான பதில். பழைய நேரத்துக்கும் எப்படியாவது வந்துவிடலாம், புதிய நேரம் கிடைத்தால் நல்லது என்பவர்களுக்கு முதல் வகை. போவது இதுதான்:

```
METHOD:COUNTER
UID:int-0416@example.com
DTSTART:20250416T090000Z
DTEND:20250416T093000Z
```

மதியம் 2.30 என்றோமே, இங்கே 090000 என்று இருக்கிறதே என்று திகைக்க வேண்டாம். கடைசியில் உள்ள Z உலகப் பொது நேரத்தைக் குறிக்கும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. 9 மணியோடு ஐந்தரையைக் கூட்டினால் 2.30.

முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, COUNTER என்பது கோரிக்கை மட்டுமே. நேரத்தை மாற்றும் அதிகாரம் மூலப்பிரதி வைத்திருப்பவருக்குத்தான். அவர் கோரிக்கையைத் திறந்து, சரி என்று ஒப்புக்கொண்டு, மாற்றிய அழைப்பை எல்லாருக்கும் மறுபடி அனுப்பினால்தான் நேரம் மாறியது என்று அர்த்தம். அவர் மனசுக்குள் "சரி, 2.30-க்கே வரட்டும்" என்று நினைத்துக்கொண்டு அனுப்ப மறந்தாலும் பழைய 10.30-தான் நிற்கும். மாறியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? புதிய நேரத்தோடு இன்னொரு அழைப்பு வரும். காலண்டரிலும் கட்டம் 2.30-க்கு நகர்ந்திருக்கும். அதற்கும் மறுபடி Yes அழுத்த வேண்டும், ஏனென்றால் நேரம் மாறினால் பழைய பதில் செல்லாது. நகரவில்லை என்றால் கோரிக்கை அப்படியே கிடக்கிறது என்று பொருள். ஒரு நாள் பார்த்துவிட்டு போன் செய்துவிடுவதே நல்லது.

எல்லா மென்பொருளும் COUNTER-ஐ ஒழுங்காகக் காட்டும் என்று நம்பிவிடவும் கூடாது. சிலவற்றில் புதிய நேரம் கண்ணில் படாமல் குறிப்பு மட்டும் தெரியலாம். ஆகவே குறிப்பிலும் நேரத்தை வார்த்தையில் எழுதுங்கள். "16-ஆம் தேதி காலை 9.30 முதல் 12.30 வரை போர்டு பிராக்டிகல் தேர்வு உள்ளது. அன்று மதியம் 2.30-க்கோ, 17-ஆம் தேதி காலை 10 மணிக்குப் பிறகோ வர இயலும்." இவ்வளவு போதும். காரணம் ஒரு வரி, மாற்று நேரம் ஒரு வரி. பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்பதில் ஆரம்பித்து ஒரு பக்கம் எழுதத் தேவையில்லை.

இந்த வழி செல்லாத இடங்களும் இரண்டு உண்டு. அழைப்பு பிளேஸ்மென்ட் அலுவலக முகவரிக்கு வந்து, அங்கிருந்து நமக்கு ஃபார்வர்டு ஆகியிருந்தால் விருந்தினர் பட்டியலில் நம் முகவரியே இருக்காது. நாம் அனுப்பும் பதில் எந்தப் பெயருக்கு நேராக விழும்? பட்டியலைத் திறந்து நம் முகவரி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இல்லையென்றால் அனுப்பிய சாரிடம் சொல்லி நம்மைச் சேர்க்கச் சொல்வதுதான் வழி. மற்றொன்று, நாற்பது பேருக்கும் ஒரே நேரத்தில் நடக்கும் எழுத்துத் தேர்வு போன்றவை. அங்கே நம் கோரிக்கையை ஏற்றால் நாற்பது பேருக்கும் நேரம் மாறிவிடும். அதற்கு No அழுத்தி, வேறு பேட்சில் இடம் தர முடியுமா என்று தனி மடலில் கேட்பதே முறை.

"நாம சின்னப் பசங்க, மேனேஜர்கிட்ட போய் நேரத்தை மாத்துங்கன்னு கேக்கலாமா? திமிர்னு நினைச்சுட மாட்டாங்களா?" என்று சில நண்பர்கள் வாதிடுகிறார்கள். பயம் நியாயமானதுதான். ஆனால் ஒன்றை அவர்கள் அறிய வேண்டும். அவுட்லுக்கில் அழைப்பு அனுப்புகிறவர் Allow New Time Proposals என்ற இடத்தில் டிக்கை எடுத்துவிட்டால், அவுட்லுக்கில் அழைப்பைப் பெறுபவரால் மாற்று நேரம் கேட்க முடியாது. அவர் வேண்டாம் என்றால் அந்தக் கதவை அவரே சாத்திக்கொள்ளலாம். திறந்து வைத்திருக்கும் கதவைத் தட்டுவது எப்படித் திமிராகும்? கேட்டும் அவர் முடியாது என்றால் முடியாதுதான். பழைய நேரத்துக்கு வருவதா விடுவதா என்று அப்போது முடிவெடுக்கலாம். ஆனால் கேட்காமலே பிராக்டிகல் ஹாலில் உட்கார்ந்திருந்தால், அங்கே 10.30-க்கு நமக்காக ஒருவர் காத்திருந்துவிட்டு, பெயருக்கு நேராக 'வரவில்லை' என்று எழுதிவிட்டுப் போவார். மரியாதைக் குறைவு எது, நண்பர்களே? கேட்டதா, கேட்காமல் விட்டதா?