“அதே நேரம்” என்பது எந்த நேரம்?

1996 முதல் 2006 வரை பத்திரிகைக் காரியாலயத்தில் வன்னியிலிருந்து தொலைபேசி வந்தால், நாங்கள் முதலில் கேட்பது “பழைய நேரமா, புதிய நேரமா?” என்பதுதான். மின்சாரத் தட்டுப்பாட்டினால் 1996 மே மாதம் அரசு கடிகாரத்தை முன்நகர்த்தியது. புலிகளின் பகுதிகள் பழைய நேரத்திலேயே நின்றன. ஒரே தீவில் இரண்டு நேரம். அந்தக் கேள்வியைக் கேட்கும் பழக்கம் இன்று நம்மிடம் இல்லை.

கலவானத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் தாயின் மகன், வீட்டிலிருந்தே லண்டன் நிறுவனமொன்றுக்குக் கணக்கு எழுதுகிறான். 2025 மார்ச் 25, செவ்வாய் இரவு 11 மணிக்கு, லண்டனிலிருந்த தமிழ் மேலாளர் அவனுக்கும் ரொறன்ரோவிலுள்ள சக ஊழியருக்கும் குறுஞ்செய்தி அனுப்பினார்: “நாளைக்கு ஏலாது. திங்கள் அதே நேரம் வைப்போம்.”

கலவானையில் அப்போது புதன் அதிகாலை 4.30. காலையில் வாசித்தவனுக்கு ‘நாளை’ வியாழனாயிற்று. ஆகவே புதன் இரவு 7.30க்கு வழமைபோல் தனியே காத்திருந்தான். அடுத்த தவறு திங்களன்று. இடையில் 30ஆம் திகதி ஞாயிறு பிரித்தானியக் கடிகாரம் ஒரு மணி முன்சென்றது. நமது கடிகாரம் நகரவில்லை. கனடாவின் கடிகாரம் மார்ச் 9ஆம் திகதியே மாறிவிட்டது. எனவே லண்டனின் பிற்பகல் 2 மணி, இங்கே 7.30 அல்ல, 6.30. அவன் வந்தபோது மேலாளர் போய்விட்டார். தகுதிகாண் காலத்திலிருந்தவனின் பெயருக்கு எதிரே ‘வரவில்லை’ என்று பதிவாயிற்று.

அந்தச் செய்தி இவ்வாறு சென்றிருக்க வேண்டும்:

பொருள்: மார்ச் கணக்குக் கூட்டம் – நாள் மாற்றம்
மார்ச் 26, புதன்கிழமைக் கூட்டம் ரத்து.
புதிய நாள்: 2025 மார்ச் 31, திங்கட்கிழமை
லண்டன் பி.ப. 2.00 / கொழும்பு பி.ப. 6.30 / ரொறன்ரோ மு.ப. 9.00
கால அளவு: 45 நிமிடம்
பிரித்தானிய நேர மாற்றத்தால் கொழும்பிலும் ரொறன்ரோவிலும் வழமையைவிட ஒரு மணி முந்தியது. இயலாதோர் வெள்ளி, கொழும்பு நேரம் பி.ப. 5க்குள் அறிவிக்கவும்.

இதில் ‘நாளை’ இல்லை, ‘அதே’ இல்லை. திகதியும் கிழமையும் சேர்ந்தே நிற்கின்றன. ஒன்று பிழைத்தால் மற்றது காட்டிக்கொடுக்கும். பழைய கூட்டம் ரத்தென்பது முதலில் வருகிறது. கணினி நாட்காட்டியில் அனுப்புவோர் பழைய பதிவையே திருத்த வேண்டும். புதிதாக ஒன்றைச் சேர்த்தால் பழையதும் அப்படியே கிடக்கும். அங்கே கலவான என்ற ஊர் இராது. ‘Asia/Colombo’ என்பதைத் தெரிவுசெய்தால் போதும்.

பெறுபவன்தான் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும் என்பார்கள். நான் ஏற்கமாட்டேன். நேரத்தை மாற்றியவரே கணக்கையும் போட வேண்டும். அவருக்கு அது இரண்டு நிமிட வேலை. தவறினால் விலை கொடுப்பவன் கலவானையில் இருக்கிறான்.