காட்சி முடிந்தபோது மாறியது யாது?

சென்ற மாதம் என் மேசைக்கு ஒரு நாடகப் பிரதி வந்தது. எழுதியவர் ஓர் இளம் ஆசிரியர். தம் மாணவரைக் கொண்டு அரங்கேற்றுவதற்கு முன் எனது அபிப்பிராயத்தை அறிய விரும்பியிருந்தார். மொழியிற் குறை சொல்வதற்கில்லை. கிராமத்துப் பேச்சின் ஓசை அவருக்கு நன்கு வாய்த்திருக்கிறது. எனினும் மூன்றாங் காட்சியில் நான் நின்றுவிட்டேன்.

ஈட்டில் இருக்கும் காணியைத் தைமாதத்துக்குள் மீட்கவேண்டிய ஒரு கைம்பெண், தன் தமையனார் வீட்டுக்கு வருகிறாள். திண்ணையில் அமர்ந்து மழையைப் பற்றியும், மகனின் படிப்பைப் பற்றியும் பேசுகிறாள். இறந்த கணவரை நினைத்து அழுகிறாள். தமையனார் ஆறுதல் கூறுகிறார். அவள் எழுந்து போகிறாள். எட்டுப் பக்கங்கள்! அந்த எட்டுப் பக்கங்களையும் நான் எடுத்து அப்பால் வைத்துவிட்டு, இரண்டாங் காட்சியையும் நான்காங் காட்சியையும் சேர்த்துப் படித்துப் பார்த்தேன். இடையில் ஒரு விரிசலும் தெரியவில்லை. அவள் வரும்போது எந்நிலையில் இருந்தாளோ, போகும்போதும் அந்நிலையிலேயே இருந்தாள்.

காட்சி என்பது மேடையில் நேரத்தைக் கழிப்பதன்று. அதில் ஒருவர் ஒன்றை அப்பொழுதே, அவ்விடத்திலேயே பெற வந்திருத்தல் வேண்டும். அதனைத் தடுப்பது ஒன்று எதிரே நிற்றல் வேண்டும். முடிவில் நிலைமை மாறியிருத்தல் வேண்டும். அமெரிக்காவில் எழுத்துக்கலை கற்பித்த டுவைட் ஸ்வெயின், 1965ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதனை ஒரு முறையாகவே வகுத்துரைத்தார். ஆனால் மூன்றாவது உறுப்புக்குப் ‘பேரிடர்’ என்று அவர் இட்ட பெயர் எனக்குச் சற்று உரத்ததாகவே படுகிறது. ‘விளைவு’ என்றாலே போதும். பெயர்கள் எவ்வாறாயினும், காரியத்தை அவருக்கு நெடுங்காலம் முன்பே செய்து காட்டியவர் இப்சன். 1879இல் வெளிவந்த ‘பொம்மை வீடு’ நாடகத்தின் இரண்டாம் அங்கத்தை மாணவர்கள் கையிற் பென்சிலுடன் படித்துப் பார்ப்பார்களாக.

நோரா என்பவள், நோயுற்ற கணவனை வெப்பநாட்டுக்கு அழைத்துச் சென்று காப்பாற்றுவதற்காக, தந்தையின் கையொப்பத்தைத் தானே இட்டுக் கடன் வாங்கியவள். கணவன் ஹெல்மருக்கு இது தெரியாது. கடன் கொடுத்த குரொக்ஸ்டாட், ஹெல்மர் முகாமையாளராகப் பதவியேற்கவிருக்கும் வங்கியிலே ஒரு லிகிதன். தன் வேலை போனால் கள்ளக் கையொப்பத்தை அம்பலப்படுத்துவேன் என்று அவன் அச்சுறுத்தியிருக்கிறான். ஆகவே நோரா கணவனிடம் வருகிறாள். அவளது நாட்டம் ஒன்றே: குரொக்ஸ்டாட்டின் வேலை போகக்கூடாது.

இனித் தடையைக் கவனியுங்கள். அவன் பத்திரிகையில் அவதூறு எழுதக்கூடியவன் என்று அவள் அஞ்சுவதாகச் சொல்கிறாள், ஹெல்மர் அசையவில்லை. நீ அவனுக்காகப் பரிந்து பேசுவதனாலேயே அவனை வைத்திருக்க இயலாது, மனைவி சொற்கேட்டு மனத்தை மாற்றினான் என்று வங்கியார் நகைப்பர் என்கிறான். இங்கே தடை புதிதாக எங்கிருந்தும் வரவில்லை. அவளது முயற்சியே தடையை வளர்க்கிறது. கடைசியில் உண்மைக் காரணம் வெளிப்படுகிறது: குரொக்ஸ்டாட் இளமைக்காலத் தோழன், பிறர் முன்னிலையிலும் ஹெல்மரை உரிமையோடு ‘நீ’ என்று அழைக்கிறான், அதனை ஹெல்மராற் பொறுக்க முடியவில்லை. நோரா, இவை அற்பமான காரணங்கள் என்று சொல்லிவிடுகிறாள். அந்த ஒரு சொல் போதுமானதாயிற்று. “அற்பமா? நானா?” என்று சினந்த ஹெல்மர், வேலைக்காரியை அழைத்து, ஆயத்தமாக இருந்த கடிதத்தை உடனே அனுப்பிவிடுகிறான். அது குரொக்ஸ்டாட்டின் வேலைநீக்கக் கடிதம்.

வேலையைக் காக்க வந்தவளே அது போவதை விரைவாக்கிவிட்டாள். கேட்டது கிடைக்கவில்லை என்பதோடு இப்சன் நின்றிருப்பாராயின் நோரா நாளையும் வந்து கேட்கலாம். கடிதம் தெருவில் இறங்கிவிட்ட பின்னர் அவள் வேறு வழி தேடியே ஆகவேண்டும். அடுத்த காட்சி பிறப்பது இவ்வாறே. குடும்ப நண்பரான டாக்டர் ராங்கிடம் உதவி கேட்க எண்ணுகிறாள். கேட்குமுன்பே அவர் அவள்மீது தாம் கொண்ட காதலை வெளியிட்டுவிடுகிறார். அதன்பின் அவரிடம் அவள் எதைக் கேட்பது? முன்னைய காட்சியில் வழியை அடைத்தது கணவனின் அகந்தை. இங்கே அடைத்தது அன்பு. தடை என்றவுடன் வில்லனைத் தேடும் நம் எழுத்தாளர்கள் இவ்விடத்தை இருமுறை படித்தால் நன்று.

இவ்வளவும் பொறிநுட்பம், வாழ்க்கை இவ்வாறு நடப்பதில்லை என்று நண்பர் ஒருவர் என்னோடு வாதிட்டார். செக்கோவை அவர் சான்றுக்கு அழைத்தார். நானும் செக்கோவையே அழைத்தேன். 1904இல் அரங்கேறிய ‘செர்ரிப் பழத்தோட்டம்’ என்னும் நாடகத்தின் இறுதி அங்கத்தில், வார்யாவிடம் லொபாகின் திருமணம் பற்றிக் கேட்கப்போகிறான் என்று எல்லாரும் எதிர்பார்க்கிறார்கள். அதற்காகவே இருவரையும் தனியே விடுகிறார்கள். அவள் எதையோ தேடுவதுபோல் மூட்டைகளைப் புரட்டுகிறாள். அவன் குளிரைப் பற்றிப் பேசுகிறான். வெப்பமானி உடைந்துவிட்டது என்கிறாள் அவள். வெளியிலிருந்து யாரோ அவனைக் கூப்பிடுகிறார்கள். அதற்காகவே காத்திருந்தவன்போல் அவன் போய்விடுகிறான். அவள் தரையிலே அமர்ந்து விம்முகிறாள்.

திண்ணையில் மழையைப் பற்றிய பேச்சும் இதுவும் ஒன்றுதானே என்றார் நண்பர். அன்று. குளிரைப் பற்றிய அந்தச் சொற்களுக்குக் கீழே, கேட்கவேண்டியது கேட்கப்படாமலே கிடக்கிறது. அது நமக்குத் தெரியும். தடை அவர்கள் நெஞ்சுக்குள் இருக்கிறது. காட்சி தொடங்கியபோது வார்யாவுக்கு ஒரு வாழ்வு இருக்கக்கூடும் என்றிருந்தது, முடிந்தபோது இல்லை. செக்கோவ் மூன்றையும் மறைத்து வைத்தாரேயன்றி விடவில்லை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எல்லாக் காட்சியும் ஹெல்மரின் கடிதம்போல் கதவைச் சாத்திக்கொண்டே போனால் அவையோர் களைத்துப் போவர். பாத்திரம் அமர்ந்து மூச்சு வாங்கி, பட்டதை நினைத்து, அடுத்து யாது செய்வதெனத் துணியும் இடமும் வேண்டும். ஸ்வெயினும் அதற்கு இடம் வகுத்தே இருக்கிறார். அது காட்சிக்குப் பின் வரவேண்டியது. காட்சிக்குப் பதிலாக வரவேண்டியதன்று.

இளம் ஆசிரியருக்கு நான் எழுதிய கடிதத்தில், தமையனார் பணந்தரச் சம்மதித்து, உறுதியைத் தம் பெயருக்கு எழுதித் தரும்படி கேட்கலாமே என்று யோசனை கூறியிருந்தேன். திருத்திய காட்சி நேற்று வந்தது. என் யோசனையை அவர் ஏற்கவில்லை. அவருடைய புதிய காட்சியில், கைம்பெண் பணத்தைப் பற்றி வாயெடுக்குமுன் தமையனாரின் மனைவி தேநீர் கொண்டு வருகிறாள். “மச்சாள், பிள்ளையின்ர சடங்குக்கு வாங்கின அட்டியலை எப்ப தரப்போறியள்?” என்று சிரித்தபடியே கேட்கிறாள். அட்டியல் ஏற்கெனவே அடகுக்கடையில் இருக்கிறது. தமையனார் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வந்தவள் தான் கேட்க வந்ததைக் கேளாமல், வெள்ளிக்கிழமைக்குள் அட்டியலைத் தருவதாக வாக்களித்துவிட்டு எழுந்து போகிறாள்.

நான்கு பக்கங்கள்தாம். மழையைப் பற்றிய பேச்சு இன்னும் அப்படியே இருக்கிறது. அதை எடுக்கும்படி இனி நான் சொல்லமாட்டேன். வெள்ளிக்கிழமை என்று ஒன்று வந்துவிட்டபடியால் நான்காங் காட்சியை முதலிலிருந்து எழுதவேண்டியிருக்கிறதென்றும், இரண்டு கிழமை தவணை வேண்டுமென்றும் கேட்டிருக்கிறார். கொடுத்திருக்கிறேன்.