கண் காணும் தமிழும் செவி கேட்கும் தமிழும்

அரசு அலுவலகம் ஒன்று தமிழில் ஓர் அறிவிப்பை இணையத்தில் வெளியிடும்போது, அதனை மொழிபெயர்த்தவரும், பக்கத்தை அமைத்தவரும், ஒப்புதல் அளித்த அதிகாரியும் எழுத்துக்கள் திரையில் செம்மையாகத் தோன்றுகின்றனவா என்று மட்டுமே பார்க்கின்றனர். தோன்றினால் வேலை முடிந்ததாகக் கொள்ளப்படுகிறது. பார்வையற்றோர் அப்பக்கத்தைத் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் குரல் வழியாகவே படிக்கின்றனர் என்பதும், அக்குரலுக்கு எழுத்தின் தோற்றத்தால் யாதொரு பயனும் இல்லை என்பதும் நினைவில் இருப்பதில்லை. பக்கத்தின் முகப்பில் எழுதப்படும் இரண்டு சிறு குறிப்புகளே இங்கு வேலை செய்கின்றன. எழுத்துக்கள் எந்தக் குறியீட்டு முறையில் அமைந்துள்ளன என்று ஒன்று கூறுகிறது. எழுதப்பட்டிருப்பது எந்த மொழி என்று மற்றொன்று கூறுகிறது. முன்னது பிழையானால் எல்லோரும் உடனே கூச்சலிடுவர். பின்னது பிழையானால் பார்வையுள்ளோர் ஒருவரும் அறியார். ஆதலின் பின்னதே நீண்ட காலம் திருத்தப்படாமல் கிடக்கிறது.

முதலாவதை முதலில் காண்போம். யூனிகோடு முறையில் ‘தமிழ்’ என்னும் சொல் ஐந்து குறிகளால் ஆயது. த, ம ஆகியவற்றுடன் இகரக்குறி, ழ, புள்ளி ஆகியவையும் தனித்தனியே எண் பெற்றவை. யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுவதால், இச்சொல் பதினைந்து பைட்டுகளைக் கொள்ளும்.

```
த   E0 AE A4
ம   E0 AE AE
ி   E0 AE BF
ழ   E0 AE B4
்   E0 AF 8D
```

இப்பைட்டுகளை மும்மூன்றாகச் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதை உலாவி தானாக உணர இயலாது. பக்கம் அதனைக் கூறாதபோது, மேலை ஐரோப்பிய மொழிகளுக்கென ஏற்பட்ட பழைய முறையில், பைட்டு ஒன்றுக்கு ஓர் எழுத்தாக உலாவி படித்துவிடக்கூடும். அப்போது திரையில் தோன்றுவது இது:

```
à®¤à®®à®¿à®´à¯
```

தமிழ்க் குறிகள் யாவும் E0 என்று தொடங்கி, அடுத்து AE அல்லது AF என்று வருவதால், தலைமேல் கோடிட்ட அந்த ‘à’ இடையறாது தலைகாட்டுகிறது. இதனைக் கண்டால் தமிழ் அழிந்துவிட்டதென அஞ்ச வேண்டுவதில்லை. பைட்டுகள் பழுதின்றி இருக்கின்றன. படிக்கும் முறைதான் தவறு. வெற்றுக் கட்டங்கள் தோன்றினால் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். வரிசையாகக் கேள்விக்குறிகள் தோன்றினாலோ பெரும்பாலும் நிலைமை வேறு. தமிழைக் கொள்ள இயலாத ஒரு தரவுத்தளத்தில் எழுத்துக்களைச் செலுத்தியபோது, ஒவ்வோர் எழுத்தும் கேள்விக்குறியாகவே மாற்றிச் சேமிக்கப்பட்டிருக்கும். அங்கு மூலம் போயிற்று. முகப்புக் குறிப்பைத் திருத்துவதால் அது மீளாது.

பக்கத்தின் தொடக்கம் இவ்வாறு அமைதல் வேண்டும்:

```
<!DOCTYPE html>
<html lang="ta">
<head>
<meta charset="utf-8">
<title>உதவித்தொகை அறிவிப்பு</title>
```

குறியீட்டு முறையைக் கூறும் வரி கோப்பின் முதல் 1024 பைட்டுகளுக்குள் முடிந்துவிட வேண்டும் என்பது விதி. நீண்ட நிரல்களையும் குறிப்புரைகளையும் அதற்கு மேலே திணிப்போர் இதனை மறந்துவிடுகின்றனர். இவ்வரி சரியாக இருந்தும் பக்கம் சிதைந்து தோன்றுமாயின், சேவையகத்தைச் சோதிக்க வேண்டும். பக்கத்தோடு சேவையகம் அனுப்பும் தலைப்பில் வேறொரு முறை குறிக்கப்பட்டிருந்தால், உலாவி பக்கத்தின் சொல்லைத் தள்ளிச் சேவையகத்தின் சொல்லையே ஏற்கும். சேவையகம் அனுப்ப வேண்டுவது இது:

```
Content-Type: text/html; charset=utf-8
```

இனி இரண்டாவது குறிப்பு. மேலே இரண்டாம் வரியில் உள்ள `lang="ta"` என்பதே அது. ஆங்கிலப் பக்கத்தை அச்சாகக் கொண்டு தமிழ்ப் பக்கம் ஆக்கப்படுகையில், உள்ளே இருந்த சொற்கள் எல்லாம் மாற்றப்பட்டு, `lang="en"` என்பது மட்டும் எஞ்சி நிற்பது வழக்கமாகிவிட்டது. பார்வைக்கு இதனால் எவ்விதக் குறையும் இல்லை. செவிக்கு என்ன ஆகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். உதவித்தொகை அறிவிப்பு ஒன்றில், ‘விண்ணப்பக் கட்டணம் ரூபாய் 250, விண்ணப்பங்கள் அக்டோபர் 15 மாலை 5.30 மணிக்குள் வந்து சேர வேண்டும்’ என்று எழுதப்பட்டுள்ளதாகக் கொள்வோம். பார்வையற்ற மாணவர் ஒருவர் அதனைத் திரைவாசிப்பானால் படிக்கிறார். பக்கம் தன்னை ஆங்கிலம் என்று கூறிக்கொள்வதால், மென்பொருள் ஆங்கிலக் குரலை அழைக்கிறது. அடுத்து நிகழ்வது அக்குரல்பொறியின் இயல்பைப் பொறுத்தது. தமிழ் எழுத்தே அறியாத பொறி சொற்களை மௌனமாகத் தாண்டிவிடும். மாணவர் செவியில் விழுவது ஆங்கிலத்தில் ஒலிக்கும் சில எண்கள் மட்டுமே. வேறு சில பொறிகள் ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியே பெயர் சொல்லிச் செல்லும். ஒரு வாக்கியம் முடிவதற்குள் கேட்போர் பொறுமை இழந்துவிடுவர்.

எழுத்து வடிவத்தைக் கண்டு தாமாகவே தமிழ்க் குரலுக்கு மாறும் மென்பொருள்களும் உள்ளன. இவற்றைக் காட்டி, மொழிக் குறிப்பு இனித் தேவையில்லை என்று வாதிடுவோர் உண்டு. அவ்வாதம் எண்களிடம் வந்து முறிகிறது. 250 என்பதும் 15 என்பதும் எந்த எழுத்துமுறைக்கும் தனியுரிமை உடையவை அல்ல. ‘இருநூற்று ஐம்பது’ என்று படிப்பதா, ஆங்கிலத்தில் படிப்பதா என்பதை எழுத்தின் வடிவம் சொல்லாது. குறிக்கப்பட்ட மொழிதான் சொல்லும். தமிழ் வாக்கியத்தின் நடுவே குரல் மாறி, எண் ஆங்கிலத்தில் விரைந்து ஒலித்து, மீண்டும் தமிழுக்குத் திரும்பும்போது, அறிவிப்பின் உயிர்நிலையான தொகையும் நாளுமே செவிக்குத் தவறிப்போகின்றன. மற்றுமொன்று: இந்தியும் மராத்தியும் ஒரே தேவநாகரியில் எழுதப்படுவதால், வடிவம் கண்டு மொழியை முடிவு செய்தல் அங்கு அறவே இயலாது. பல மொழிகளில் பக்கம் வெளியிடும் மத்திய அரசு நிறுவனங்கள் ஊகத்தை நம்பலாகாது என்பதற்கு இதுவே போதிய காரணம்.

குறிப்பை எழுதுவோர் அதன் எழுத்துக்களிலும் கவனம் கொள்ள வேண்டும். `tn` என்று எழுதினால், தென்னாப்பிரிக்காவிலும் போட்ஸ்வானாவிலும் வழங்கும் ட்ஸ்வானா மொழியைக் குறித்ததாகும்; தமிழ்நாட்டின் ஆங்கிலச் சுருக்கத்தை எண்ணி இப்பிழை செய்வது எளிது. `tamil` என்று முழுப்பெயர் எழுதுவதும் செல்லாது. இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ் எனப் பிரித்துக்காட்ட `ta-IN`, `ta-LK` என எழுதுதல் கூடுமாயினும், அப்பிரிவினால் பயன் விளையாத இடத்தில் `ta` ஒன்றே போதும்.

தமிழ்ப் பக்கத்தினுள் ஓர் ஆங்கில வாக்கியமோ, சட்டத்தின் முழுப்பெயரோ ஆங்கில எழுத்திலேயே வருமாயின், அப்பகுதியை மட்டும் `<span lang="en">` என்று சுற்றிக் குறிக்க வேண்டும். ஆட்களின் பெயருக்கும், மொழியோடு கலந்துவிட்ட சொல்லுக்கும் இவ்வாறு செய்ய வேண்டுவதில்லை. சொல்லுக்குச் சொல் குரல் மாறினால் கேட்பது துன்பமே. இதற்கு நேர்மாறாக, ஆங்கில முகப்புப் பக்கத்தின் மூலையில் ‘தமிழ்’ என்று ஓர் இணைப்பு இருக்குமாயின், அந்த ஒரு சொல்லுக்கு `lang="ta"` இன்றியமையாதது. தமிழ்ப் பக்கத்திற்குச் செல்லும் வாயிலே ஊமையாக இருந்தால், உள்ளே எத்துணைச் செம்மை இருந்தும் பயன் யாது?

இவை புதிய கோரிக்கைகள் அல்ல. பக்கத்தின் மொழி குறிக்கப்பட வேண்டும் என்பது 2008-ஆம் ஆண்டின் சர்வதேச அணுகல் நெறிகளிலேயே மிகக் கீழ்ப்படியான தேவையாக இடம்பெற்றுள்ளது. இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009-இல் வெளிவந்து, 2023-இல் மூன்றாம் பதிப்பைக் கண்டுள்ளன. குறை விதியில் இல்லை. பணியை ஏற்றுக்கொள்ளும் முறையில் உள்ளது. பக்கத்தை அமைக்கும் ஒப்பந்தக்காரர் படம் காட்டுகிறார். அலுவலகம் படம் பார்த்துப் பணம் தருகிறது. அதற்குப் பதிலாக, மொழி குறிக்கப்படாத பக்கத்தை வெளியிட மறுக்குமாறு வெளியீட்டு மென்பொருளையே அமைத்துவிடலாம். தட்டச்சு செய்வோரின் நினைவாற்றலை நம்பியிருப்பதைவிட இது உறுதியான வழியாகும்.

செவிச் சோதனைக்குப் பெருஞ்செலவும் இல்லை. என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பான் இலவசமாகக் கிடைக்கிறது. அதனுடன் வரும் ஈஸ்பீக் குரல்பொறி தமிழையும் பேசும். குரல் சற்று இயந்திரத்தனமானது என்பது உண்மையே, ஆயினும் சோதனைக்குப் போதும். மொழிக்கேற்பக் குரல் தானாக மாறுவதற்கான அமைப்பு இயங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு, தொகையும் நாளும் உள்ள ஒரு வாக்கியத்தைக் கேட்டால் பிழை உடனே வெளிப்படும். படிப்பவரின் கணிப்பொறியில் தமிழ்க் குரலே நிறுவப்படாதிருந்தால் குறிப்பு சரியாக இருந்தும் பயன் தராது என்பதையும் கூறிவிட வேண்டும். அக்குறை பக்கத்தினுடையது அன்று.

இவ்விரு குறிப்புகளாலும் தீராத நோய் ஒன்று பழைய ஆவணங்களில் உள்ளது. யூனிகோடு பரவுவதற்கு முன், ஆங்கில எழுத்துக்களின் இடங்களில் தமிழ் வடிவங்களை ஏற்றிய எழுத்துருக்கள் பெருவழக்காக இருந்தன. அவற்றுள் ஒன்றான பாமினியில் ‘தமிழ்’ என்று திரையில் தோன்றுவது, கோப்பினுள் இவ்வாறு உள்ளது:

```
jkpo;
```

இதற்கு மேல் `lang="ta"` என்று எழுதினாலும், தமிழ்க் குரல் இந்த ஆங்கில எழுத்துக்களையும் அரைப்புள்ளியையும் தவிர வேறெதனையும் காணாது. இத்தகைய கோப்புகளை முதலில் யூனிகோடுக்கு மாற்றி, மாற்றத்தில் நேர்ந்த பிழைகளை மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்திய பின்னரே மொழிக் குறிப்பை இடுதல் முறை. ஒரு கோப்பு இவ்வினத்தைச் சேர்ந்ததா என்று அறிவது எளிது. திரையில் தெரியும் ஒரு தமிழ்ச் சொல்லை யூனிகோடில் தட்டச்சு செய்து, உலாவியின் தேடற்பெட்டியில் இட்டுப் பார்க்க வேண்டும். கண்ணெதிரே இருக்கும் சொல்லைக் காணவில்லை என்று உலாவி கூறுமாயின், அங்கிருப்பது தமிழின் தோற்றம் மட்டுமே என்று ஐயுற வேண்டும். அச்சொல்லைப் படியெடுத்து வெற்றுரைக் கோப்பு ஒன்றில் ஒட்டிப் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும்.