சொல்லை அழித்தால் சல்லடை போய்விடுமா?

ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலைக்கு ஆள் எடுக்கும் முகவர்களின் விளம்பரங்களிலிருந்து வயது, பாலினம், திருமண நிலை மூன்றும் நீக்கப்பட்டுவிட்டன என்று 2024 நவம்பரில் செய்தி வந்தபோது, பிரச்சினை தீர்ந்தது என்று பலர் நிம்மதி அடைந்தார்கள். அந்த ஆலையில் திருமணமான பெண்கள் ஒதுக்கப்படுவதாக அதே ஆண்டு ஜூனில் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட புலனாய்வும், பாகுபாடு காட்டவில்லை என்று ஃபாக்ஸ்கான் தந்த மறுப்பும், மத்திய அரசு மாநிலத்திடம் அறிக்கை கேட்டதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அந்த வழக்காடலுக்குள் நாம் திரும்பப் போகவில்லை. நம் கோபம் வேறொரு முடிவின் மீது. வேலை விளம்பரத்தில் எழுதக்கூடாத நிபந்தனையை, அந்த விளம்பரம் யாருடைய கைப்பேசிக்குப் போகவேண்டும் என்று குறிக்கும் கட்டத்தில் குறித்துக்கொள்ளலாம் என்று முகநூல் நிறுவனம் நம் நாட்டில் இன்னமும் திறந்து வைத்திருக்கிறதே, அந்த முடிவின் மீது.

ஐயம்பேட்டையில் தெருவில் பாவு விரிக்கும் வீடுகளிலிருந்தே ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் பிள்ளைகள் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். ஒரு தறியின் கூலியில் ஒரு குடும்பம் ஓடாதபோது மாதச் சம்பளம் பெரிய பிடிமானம். முன்பெல்லாம் இந்த வேலைச் செய்தி டீக்கடைச் சுவரில் ஒட்டிய தாளாக வரும். ‘திருமணமாகாத பெண்கள் மட்டும்’ என்று அதில் இருந்தால், வீட்டில் தார் சுற்றிக்கொண்டிருக்கும் முப்பது வயதுப் பெண்ணும் அதைப் படிப்பாள். படித்து மனம் நோவாள். ஆனால் தன்னை ஒதுக்கியது யார், என்ன சொல்லி ஒதுக்கினார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அந்தத் தாளைக் கிழித்துக்கொண்டு போய் ஓர் அதிகாரியின் மேசையில் வைக்கலாம். இன்று அந்த விளம்பரம் அவள் கைப்பேசிக்கு வரவே வராது. வராத விளம்பரத்தை எதைக் காட்டி நிரூபிப்பது?

அந்தக் கட்டம் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். ஐயம்பேட்டை வழியாகப் பேருந்து விடும் ஓர் ஆலைக்கு ஐம்பது பேரைச் சேர்க்க ஒரு முகவர் முகநூலில் விளம்பரம் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாசகத்தில் தவறு எதுவும் இல்லை: குளிரூட்டிய கூடம், இலவசப் பேருந்து, உணவகம், விடுதி, சம்பளம். அடுத்த திரையில் `Age` என்ற இடத்தில் 18 முதல் 25 வரை, `Gender` என்ற இடத்தில் பெண்கள், ஊரைச் சுற்றிச் சில கிலோமீட்டர் என்று குறிக்கிறார். உறவு நிலையைக் கொண்டு ஆள் பிரிக்கும் வசதியும் இந்தத் தளத்தின் பட்டியலில் பல ஆண்டுகள் இருந்திருக்கிறது. நான்கைந்து தொடுதலில் காரியம் முடிந்தது. சுவரில் ஒட்டியிருந்தால் ஊரே பார்த்திருக்கும் நிபந்தனை, முகவருக்கும் தளத்துக்கும் இடையில் இருக்கும் ரகசியமாகிவிட்டது. பாகுபாடு காட்டும் விளம்பரங்களை அனுமதிக்க மாட்டோம் என்று அந்நிறுவனத்தின் விதிப் புத்தகத்தில் ஒரு வரி உண்டு. வரி இருக்கிறது, கட்டமும் திறந்தே இருக்கிறது.

இதே முகவர் அமெரிக்காவில் இருந்தால் கதை வேறு. விளம்பரத்தைத் தொடங்கும்போதே, இது `Special Ad Categories` என்ற சிறப்பு வகையில் `Employment` சார்ந்தது என்று அவர் அறிவித்தாக வேண்டும். அறிவித்ததும் வயது 18 முதல் 65-க்கு மேல் வரை என்று பூட்டிக்கொள்ளும். ஆண், பெண் என்று பிரிக்க முடியாது. அஞ்சல் எண்ணை வைத்துத் தெருவைப் பொறுக்க முடியாது; ஓரிடத்தைக் குறித்தால் அதைச் சுற்றி ஏறக்குறைய 25 கிலோமீட்டர் வட்டம் தானாக விரியும். ஏற்கெனவே வேலைக்கு எடுத்தவர்களைப் போன்றவர்களைத் தேடிக் கொடு என்று கேட்கும் வழியும் அடைக்கப்பட்டுவிட்டது. வீட்டு வாடகைக்கும் கடனுக்கும் இதே பூட்டுதான். இந்த ஏற்பாடு அமெரிக்காவில் 2019 முதல் இருக்கிறது. பிறகு கனடாவுக்கும் ஐரோப்பிய நாடுகள் சிலவற்றுக்கும் போனது. இந்தியர் இந்தியருக்குக் காட்டும் வேலை விளம்பரத்துக்கு அது கட்டாயமில்லை.

பூட்டு செய்தாகிவிட்டது, பல ஆண்டுகளாகப் பயன்பாட்டிலும் இருக்கிறது. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஐயம்பேட்டைப் பெண்ணுக்கு அது தேவையில்லை என்று யாரோ சில பேர் முடிவு செய்திருக்கிறார்கள். எந்தக் கணக்கை வைத்து முடிவு செய்தார்கள் என்று அவர்கள் நமக்குச் சொன்னதில்லை.

பூட்டினால் சிறு விளம்பரதாரர் பாதிக்கப்படுவார், சம்பந்தமில்லாதவர்களுக்குக் காட்டிப் பணம் வீணாகும் என்று ஒரு வாதம் வரும். அமெரிக்காவில் ஆள் எடுப்பவர்கள் தொழிலை மூடிவிட்டுப் போகவில்லை. திட்டமிடும் முறையை மாற்றிக்கொண்டார்கள். ஆளைப் பொறுக்க முடியாதபோது விளம்பரத்தின் வாசகமே ஆளைத் தேர்ந்தெடுக்கும்படி எழுதவேண்டியிருக்கிறது. ‘ஐயம்பேட்டை நிறுத்தத்தில் அதிகாலை ஐந்து மணிக்குப் பேருந்து, எட்டு மணி நேரம் நின்றபடி வேலை, வாரந்தோறும் ஷிப்ட் மாறும், கையில் வரும் சம்பளம் இவ்வளவு’ என்று உள்ளதை உள்ளபடி எழுதினால், முடியாதவர் தாமே விலகிக்கொள்வார், முடிந்தவர் முப்பத்தைந்து வயதானாலும் வருவார். வட்டம் பெரிதாவதால் விண்ணப்பம் ஒன்றுக்கான செலவு கூடலாம். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் விண்ணப்பங்களை எண்ணுவதை விட்டுவிட்டு, நேர்காணலுக்கு வந்தவர் ஒருவருக்கு எவ்வளவு செலவானது என்று பார்க்கிறார்கள். வேலையைப் பற்றிய உண்மையை முதலிலேயே சொல்லவைக்கும் கட்டுப்பாடு, வேலை தேடுபவருக்கு நல்லது. பாதியில் ஓடிப்போகும் ஆளைச் சேர்த்து நஷ்டப்படும் ஆலைக்கும் நல்லது.

பூட்டு மட்டும் போதாது என்பதும் நமக்குத் தெரியும். அமெரிக்காவில் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையில் 2019-இல் ஒரு சோதனை நடந்தது. யாரையும் பொறுக்காமல், எல்லோருக்கும் என்று விட்டு, வேலை விளம்பரங்களைப் போட்டார்கள். பல்பொருள் அங்காடிக் காசாளர் வேலை விளம்பரத்தைப் பார்த்தவர்களில் சுமார் 85 சதவீதம் பெண்கள். மரம் வெட்டும் வேலையைப் பார்த்தவர்களில் சுமார் 90 சதவீதம் ஆண்கள். விளம்பரதாரர் கேட்காமலே தளத்தின் கணக்கீடு தானாகச் சலித்துவிட்டது. யார் தொடுவார்கள் என்று அது ஊகித்து, அவர்களுக்கே மேலும் மேலும் காட்டும். நம் முகவர் கட்டத்தைத் தொடாமலே, சீருடையில் சிரிக்கும் நான்கு இளம்பெண்களின் படத்தைப் போட்டால் போதும். இரண்டு நாளில் அந்த விளம்பரம் பெரும்பாலும் இளம்பெண்களிடமே சுற்றிக்கொண்டிருக்கலாம்.

இதைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. விளம்பரம் யாருக்குப் போனது என்பதை `Breakdown` என்ற இடத்தில் வயதுவாரியாக, பாலினவாரியாகப் பிரித்துப் பார்க்கலாம். எல்லோருக்கும் திறந்த விளம்பரத்தில் நூறு ரூபாயில் எண்பது ரூபாய் இருபத்துநான்கு வயதுக்குட்பட்ட பெண்களிடமே செலவாகியிருந்தால், எங்கோ சல்லடை ஓடுகிறது. ஆனால் அந்தப் பட்டியலைப் பணம் கட்டியவர்தான் பார்க்க முடியும். ஐரோப்பாவில் சட்டம் வற்புறுத்தியதால், எந்த விளம்பரம் எந்த வயதினரை, எந்தப் பாலினத்தவரைக் குறிவைத்தது என்பதை யாரும் விளம்பர நூலகத்தில் பார்க்கலாம். நமக்கு அதே நூலகம் வேலை விளம்பரத்தின் முகத்தை மட்டும் காட்டும், முதுகைக் காட்டாது.

இந்த முடிவெடுப்பவர்களை நம்பிக் காத்திருக்கலாம் என்று சொல்பவர்கள் அவர்களுடைய பழைய கணக்கைப் புரட்டிப் பார்க்கட்டும். வீட்டு விளம்பரத்திலிருந்து கறுப்பினத்தவரை ஒதுக்கிவைக்க முடிகிறது என்று 2016-இல் புரோபப்ளிகா செய்தி நிறுவனம் விளம்பரமே வாங்கிக் காட்டியது. சரிசெய்கிறோம் என்றார்கள். 2017 நவம்பரில் அதே நிறுவனம் மறுபடி சோதித்தபோது, ஒதுக்கும் விளம்பரங்களுக்குச் சில நிமிடங்களில் அனுமதி கிடைத்தது. அடுத்த மாதம், வயதானவர்களுக்குத் தெரியாமல் பெரிய நிறுவனங்கள் வேலை விளம்பரம் செய்தது வெளியானது. குடிமை உரிமை அமைப்புகளும் தொலைத்தொடர்புத் தொழிலாளர் சங்கமும் வழக்கும் புகாருமாக நெருக்கிய பிறகே 2019 மார்ச்சில் உடன்பட்டார்கள். உடன்பட்ட கையோடு, ‘இவர்களைப் போன்றவர்களைத் தேடு’ என்ற வசதிக்கு வேறு பெயர் வைத்துக் கொஞ்சம் மாற்றி உள்ளே விட்டார்கள். அதை நிறுத்தவும், கணக்கீட்டின் சாய்வை அளந்து திருத்தும் ஏற்பாட்டைக் கொண்டுவரவும் 2022 ஜூனில் அமெரிக்க நீதித்துறையே வழக்குப் போட்டு உடன்பாடு எழுத வேண்டியிருந்தது. ஒவ்வொரு அடியும் யாரோ கழுத்தைப் பிடித்த பிறகு எடுத்த அடி. கேட்காதவர்களுக்கு அவர்கள் எதையும் கொடுத்ததில்லை.

கடனிலும் இதே கதைதான். பாலினம், சாதி, மதம் பார்த்துக் கடன் மறுக்கக்கூடாது என்று 2003-இலேயே ரிசர்வ் வங்கி நேர்மை விதி வகுத்தது. நலிந்த பிரிவினருக்கான திட்டங்களுக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. வங்கி மேலாளர் ஒரு பெண்ணின் முகத்துக்கு நேரே சொல்லமுடியாததை, விளம்பரக் கட்டத்தில் ஆண்கள் என்று குறித்துச் செய்துவிடலாம். தறிக்குப் பணம் தேடும் பெண் குறைந்த வட்டி விளம்பரத்தைப் பார்க்காமலே, நிமிடத்தில் கடன் என்று கூவும் செயலியிடம் போய்ச் சேருவாள். அமெரிக்காவில் 2025 ஜனவரியில் இந்தப் பூட்டைக் கடனைத் தாண்டிக் காப்பீடு உள்ளிட்ட நிதிச் சேவைகளுக்கும் நீட்டிவிட்டார்கள்.

ஆள் சேர்ப்பில் பெண்ணைப் பெண் என்பதற்காக ஒதுக்கக்கூடாது என்று நம் சட்டம் 1976-இல் சொன்னது. ஊதியச் சட்டத் தொகுப்பும் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கிறது. திருமண நிலை பற்றி இரண்டும் வெளிப்படையாகப் பேசவில்லை. அந்தச் சந்திலும் சல்லடை நுழைகிறது. ஆனாலும், ஆலை வாசலுக்கு ஆய்வாளரை அனுப்பும் அரசுகள் விளம்பரத் தளத்தின் வாசலையும் தட்டவேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு எந்த வேலை யாருக்குக் காட்டப்பட்டது என்று கணக்குக் கேட்கவேண்டும். அதை எந்தத் துறை, எந்தச் சட்டப் பிரிவின் கீழ் கேட்பது என்பதை அவர்கள் தீர்மானித்துக்கொள்ளட்டும். கேட்காமல் இருப்பதற்கு அது காரணமாகக்கூடாது.

டீக்கடைச் சுவரில் இருந்த அந்தக் கேவலமான வரி போய்விட்டது. அதை ஒரு முன்னேற்றம் என்று ஏற்க நாம் தயாராக இல்லை. அந்த வரியை ஐயம்பேட்டைப் பெண் படிக்கவாவது முடிந்தது.